சங்கத்துக் கொப்பியும் நூற்றுப் பதினெட்டுப் படங்களும்

எங்கள் தோட்டம் மஸ்கெலியாப் பக்கம். பிரிவில் ஒரு மரண உதவிச் சங்கம் இருக்கிறது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் சங்கத்தின் தார்ப்பாய், கதிரை, அண்டா எல்லாம் அந்த வீட்டு வாசலுக்குப் போகும். கூடவே கையில் ஒரு தொகையும் கொடுப்பார்கள். மாதம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நடக்கும். போன வருடம் நிர்வாகம் மாறி, செயலாளர் வேலை என்னிடம் வந்தது. அதற்கு முன் பல வருடம் செயலாளராக இருந்த மாமா இப்போது கண்டியில் மகள் வீட்டில் இருக்கிறார். கூட்ட அறிக்கை எழுதிய சீ.ஆர். கொப்பியும் அவரிடமே இருந்தது. மகள் அதைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மொத்தம் 118 படங்கள், 41 கூட்டங்கள்.

புது நிர்வாகத்துக்குத் தெரிய வேண்டியது மூன்றுதான். எந்தக் கூட்டத்துக்கு யார் வந்தார்கள், என்ன முடிவானது, அதைச் செய்யும் பொறுப்பு யாருடையது. இதை ஒரு அட்டவணையாக எடுக்க ஒரு வார இறுதி போதும் என்று நினைத்தேன். ஏழு வாரம் ஆனது. வாசித்து எடுப்பதைவிட, வாசித்ததற்கு என்ன பொருள் என்று முடிவு செய்வதில்தான் அதிக நேரம் போனது.

முதலில் படங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கித்தான் வரும். பெரிய எழுத்துக்கு அது போதும். பென்சிலில் போட்ட கையொப்பமும், மழைக்கால ஈரத்தில் மை ஊறிப்போன வரிகளும் அதில் கரைந்துவிடுகின்றன. மகளிடம் சொல்லி, அதே படங்களை ஆவணமாக இணைத்து மறுபடி அனுப்பச் சொன்னேன். அப்படி அனுப்பினால் மூலப்படம் அப்படியே வரும். தையல் பக்கம் வளைந்து சொற்கள் மறைந்த பதினோரு பக்கங்களை மட்டும் மீண்டும் எடுக்க வேண்டியிருந்தது. ஜன்னல் ஓரம், பக்கவாட்டு வெளிச்சத்தில், ஒரு படத்துக்கு ஒரு பக்கம், வளையும் பக்கத்தின் மேல் கண்ணாடித் துண்டு வைத்து எடுத்துத் தந்தார்.

படங்களின் வரிசை இன்னொரு சிக்கல். வாட்ஸ்அப் கொடுக்கும் `IMG-20240612-WA0031.jpg` மாதிரியான பெயரில் இருப்பது படம் வந்த நாள்தான், கூட்டம் நடந்த நாள் அல்ல. அதனால் கொப்பியின் பக்க எண்ணைப் பார்த்து ஒவ்வொரு படத்துக்கும் `p001.jpg`, `p002.jpg` என்று பெயர் மாற்றினேன். அப்போதுதான் 57ஆம் பக்கம் இரண்டு தடவை வந்திருப்பதும் 58 இல்லாததும் தெரிந்தது. 56இன் கடைசி வரி பாதியில் நின்றிருந்ததால் அது எப்படியும் பிடிபட்டிருக்கும். ஆனால் ஒரு கூட்டத்தின் முடிவோடு பக்கம் முடிந்து, அடுத்த பக்கம் காணாமல் போயிருந்தால் ஒரு முழுக் கூட்டமே சத்தமில்லாமல் விடுபட்டிருக்கும். எண் போடுவதை முதல் நாளே செய்வது நல்லது.

கணினியே வாசித்துத் தருமா என்று பார்த்தேன். டெஸரக்ட் என்ற இலவச மென்பொருளுக்குத் தமிழ்த் தரவுக் கோப்பு இருக்கிறது. படத்தைச் சாம்பல் நிறமாக்கி, சாய்வை நேராக்கிக் கொடுத்தேன்.

```
convert p031.jpg -auto-orient -colorspace Gray -deskew 40% p031.png
tesseract p031.png p031 -l tam --psm 6
```

அச்செழுத்துக்குப் பழக்கப்பட்ட கருவி அது. கொப்பியில் ஒட்டியிருந்த அச்சடித்த நோட்டீஸ் ஒன்றைக் கிட்டத்தட்ட முழுதாக வாசித்தது. கையெழுத்தில் ஒரு வரிகூடத் தேறவில்லை. பெயரும் தொகையும் பிழையாக வந்தால் திருத்துவதற்குத் தட்டச்சு செய்வதைவிட அதிக நேரம் ஆகும். அதனால் தட்டச்சுக்கே போனேன்.

மாமாவின் கையெழுத்து அழகானது. ஆனால் பழைய பழக்கம். ‘லை’, ‘ணை’ எல்லாம் 1978இல் தமிழ்நாட்டில் எழுத்தைச் சீர்திருத்தியதற்கு முந்தைய வடிவத்தில், தும்பிக்கை வளைத்துத்தான் எழுதுவார். புள்ளி பாதிக்கு மேல் வைக்கமாட்டார். ‘ர’வும் காலும் ஒன்றுபோலவே இருக்கும். இதெல்லாம் நாலைந்து பக்கத்தில் கண்ணுக்குப் பழகிவிடும், ஏனென்றால் வாக்கியமே துணைக்கு வரும். வாக்கியம் துணைக்கு வராத இடங்கள்தான் ஆபத்து. பெயர், தொகை, அப்புறம் நான் எதிர்பார்க்காத ஒரு சொல்: ‘வேண்டும்’.

நானும் தங்கச்சியும் முதல் பத்துப் பக்கங்களை ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் தனித்தனியே தட்டச்சு செய்து, `diff` கட்டளையால் ஒப்பிட்டோம். மாறியிருந்த இடங்களில் பெரும்பாலானவை பெயர்களும் எண்களும். எண்ணில் அடிக்கடி வந்த பிழை தொகைக்குப் பின்னால் போடும் `/=` குறி. `2500/=` என்பதில் சாய்கோடு கொஞ்சம் நிமிர்ந்தால் 25001 ஆகிவிடுகிறது. காசுப் புத்தகம் இருந்ததால் அதைத் திருத்த முடிந்தது. ஆனால் ஒரு வரியை நான் ‘கதிரை வாடகைக்கு எடுக்க வேண்டும் எனத் தீர்மானிக்கப்பட்டது’ என்று எழுதியிருந்தேன். தங்கச்சி ‘எடுக்க வேண்டாம்’ என்று எழுதியிருந்தாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். மாமா வேகமாக எழுதும்போது ‘டு’வின் வாலும் ‘டா’வின் காலும் ஒரே கீற்றாக விழுகின்றன. இரண்டு வாசிப்பும் வாக்கியத்துக்குப் பொருந்துகிறது, முடிவு மட்டும் தலைகீழாகிறது.

அன்றிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டோம். ஐயமான சொல்லுக்குப் பின் கேள்விக்குறி போட வேண்டும், பொருத்தமாகத் தெரிவதை ஊகித்து நிரப்பக் கூடாது. ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ வரும் எல்லா வரியையும் இருவரும் பார்க்க வேண்டும். 41 கூட்டத்திலும் இரண்டு விதமாக வாசிக்கக்கூடிய இடங்கள் ஆறு இருந்தன. நாலுக்கு அடுத்த மாத வரவுசெலவிலேயே விடை இருந்தது: வாடகை கொடுத்திருந்தால் செலவில் வரும். மிச்சம் இரண்டையும் மாமாவிடம் போனில் கேட்டேன். கதிரை வரியை வாசித்துக் காட்டியதும் உடனே சொன்னார்: “வேணாம்னுதான் எழுதுனேன் புள்ள. அந்த மாசம் கோயில் கதிரையே கெடச்சிருச்சே.”

திகதியிலும் ஒரு பொறி இருந்தது. ஒரு பக்கத்தின் தலைப்பில் ‘07.01.2023 ஞாயிறு’ என்று இருந்தது. அதற்கு முந்தைய பக்கம் 2023 டிசம்பர். புது வருடம் பிறந்த முதல் கூட்டத்தில் கை பழைய வருடத்தையே எழுதிவிட்டது. கிழமை இருந்ததால் இதை உறுதியாகச் சொல்ல முடிந்தது: 2023 ஜனவரி 7 சனிக்கிழமை, 2024 ஜனவரி 7தான் ஞாயிறு. பிறகு எல்லாத் திகதிக்கும் கிழமையைச் சரிபார்த்தேன். இன்னும் ஒன்று பொருந்தவில்லை. அது பிழையல்ல, அந்தக் கூட்டம் போயா விடுமுறையில், வார நாளில் நடந்திருந்தது. கொப்பியில் எழுதியதையும் நான் திருத்தியதையும் தனித்தனி நிரல்களில் வைத்தேன். மூலத்தில் உள்ளதை அழித்துவிட்டால் நாளைக்கு வேறு ஒருவர் படத்தோடு ஒப்பிடும்போது குழம்பிப்போவார்.

வருகைப் பட்டியல் சுலபம் என்று நினைத்திருந்தேன். அதுவும் இல்லை. கையொப்பங்கள் சில தமிழில், சில ஆங்கிலத்தில், ஒன்றிரண்டு சிங்களத்தில், சில வெறும் சுழி. ஒரே பெயரில் மூன்று பேர் இருக்கிறார்கள், லயத்து எண்ணும் தகப்பன் பெயரும் சேர்த்தால்தான் யாரென்று தெரியும். அதனால் பெயரை வைத்து அட்டவணை போடாமல், சந்தாப் பதிவேட்டில் உள்ள அங்கத்துவ எண்ணை வைத்துப் போட்டேன். அப்போதுதான் வேறொரு விஷயம் தெரிந்தது. எங்கள் சங்கத்தில் அங்கத்துவம் குடும்பத்துக்கு ஒன்று. கணவர் பெயரில் உள்ள எண்ணுக்கு நேரே மனைவி கையொப்பம் போட்டிருப்பார். சில மாதம் மகன் போட்டிருப்பான். எண் 23 வந்தது என்றால் குடும்பம் வந்தது என்றுதான் அர்த்தம், அந்த ஆள் வந்தார் என்றல்ல. இரண்டையும் வேறு நிரல்களில் வைத்தேன். இது பின்னால் மிகவும் உதவியது.

அறிக்கையில் ‘32 பேர் சமுகமளித்தனர்’ என்று எழுதியிருக்கும், எண்ணிப் பார்த்தால் 27 கையொப்பம்தான் இருக்கும். பிந்தி வந்தவர்கள் கையொப்பமிடாமல் உட்கார்ந்திருப்பார்கள். இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. இரண்டையும் எழுதினேன்.

இனி முடிவும் பொறுப்பும். 2024 ஜனவரிக் கூட்டத்தின் ஒரு பகுதியைத் தருகிறேன். பெயர்களுக்குப் பதில் எழுத்து மட்டும் போட்டிருக்கிறேன்.

“திரு. க. அவர்கள் தார்ப்பாய் கிழிந்துள்ளதாகவும் புதிதாக ஒன்று வாங்க வேண்டும் எனவும் கூறினார். திரு. செ. அதனை ஆமோதித்தார். சபையில் கலந்துரையாடப்பட்டு, ஹட்டனில் விலை விசாரித்து அடுத்த கூட்டத்தில் அறிவிப்பதாக முடிவு செய்யப்பட்டது. பழைய தார்ப்பாயைத் தைத்துத் தருவதாக திரு. வீ. கூறினார். அண்டா இரண்டையும் களஞ்சிய அறையில் திருப்பி வைக்குமாறு திரு. மா. வேண்டிக்கொள்ளப்பட்டார்.”

இதை முதல் தடவை அட்டவணையில் போட்டபோது ‘முடிவு: தார்ப்பாய் வாங்குதல், பொறுப்பு: க.’ என்று எழுதிவிட்டேன். இரண்டுமே தவறு. க. யோசனை சொன்னவர். கூட்டம் அவரிடம் எந்த வேலையும் கொடுக்கவில்லை. வாங்குவதாகவும் முடிவாகவில்லை, விலை விசாரிப்பதாகத்தான் முடிவானது. விசாரிப்பது யார்? வாக்கியத்தில் ஆளே இல்லை. ‘முடிவு செய்யப்பட்டது’, ‘தீர்மானிக்கப்பட்டது’ என்ற செயப்பாட்டு வினையில் அறிக்கை எழுதுவது நமக்கு ஊறிய பழக்கம். அதில் வேலை இருக்கும், ஆள் இருக்கமாட்டார். அப்படிப்பட்ட இடத்தில் பொறுப்பு நிரலில் ‘எழுதப்படவில்லை’ என்றே போட்டேன். அடுத்த மாத அறிக்கையில் ‘தார்ப்பாய் விலையைச் செயலாளர் அறிவித்தார்’ என்று வருகிறது. அதை வைத்து ஜனவரியில் செயலாளருக்குப் பொறுப்புக் கொடுத்ததாக எழுதலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். எழுதவில்லை. செய்து முடித்தவர் என்று வேறொரு நிரல் போட்டு அதில் எழுதினேன். கூட்டம் ஒப்படைத்ததும், ஒருவர் தாமாகச் செய்ததும் ஒன்றல்ல.

வீ. சொன்னது வேறு வகை. ‘வாங்க வேண்டும் எனக் கூறினார்’ என்பதும் ‘தைத்துத் தருவதாகக் கூறினார்’ என்பதும் ஒரே ‘கூறினார்’தான். முன்னது யோசனை, பின்னது ஒப்புக்கொண்ட பொறுப்பு. வித்தியாசம் அந்த ‘-வதாக’வில் இருக்கிறது. இதைக் கவனிக்கத் தொடங்கிய பிறகு பழைய பக்கங்களில் நான் வெறும் பேச்சு என்று தள்ளியிருந்த பதினான்கு பொறுப்புகள் திரும்பக் கிடைத்தன. அதே சமயம் ‘கடந்த கூட்ட அறிக்கை வாசிக்கப்பட்டு ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்று எல்லாக் கூட்டத்திலும் வரும் வரியைத் தீர்மானங்களிலிருந்து எடுத்துவிட்டேன். அது நடைமுறை, செய்ய வேண்டிய வேலை எதுவும் அதில் இல்லை. அதை முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர்கள் பொறுப்பாளர் பட்டியலுக்குள் போய்விடாமலும் பார்க்க வேண்டும். முதல் வரைவில் சிலருக்கு வருடம் முழுக்க வேலை இருந்ததுபோலத் தெரிந்ததற்கு அதுதான் காரணம்.

மா. விஷயத்தில் பொறுப்பு தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் வருகைப் பட்டியலில் அவர் எண்ணுக்கு நேரே இருந்தது மனைவியின் கையொப்பம். அவர் கூட்டத்திலேயே இல்லை. வேண்டுகோள் அவர் காதுக்குப் போனதா என்று அறிக்கையில் இல்லை. அடுத்தடுத்து மூன்று கூட்டத்தில் ‘அண்டா இன்னும் வரவில்லை’ என்று எழுதியிருக்கிறது. குடும்பத்தையும் ஆளையும் தனி நிரலில் வைத்தது இங்கேதான் பயன்பட்டது. இப்படி வராதவர்மேல் போட்ட பொறுப்புகளைத் தேடினேன், ஒன்பது கிடைத்தன. அவரவரைப் பற்றி ஊரில் இருந்த குறை வேறு, கொப்பி சொல்வது வேறு.

தட்டச்சு செய்த கோப்பில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு சொல் போட்டுக்கொண்டோம்.

```
திகதி: 2024-01-07
பக்கம்: p094.jpg
எழுதியபடி: 07.01.2023 ஞாயிறு
யோசனை: க. | புதிய தார்ப்பாய் வாங்குதல்
முடிவு: ஹட்டனில் விலை விசாரித்தல் | அடுத்த கூட்டம்
பொறுப்பு: எழுதப்படவில்லை
பொறுப்பு: வீ. | பழைய தார்ப்பாய் தைத்தல் | தாமாக
பொறுப்பு: மா. | அண்டா 2 | கூட்டத்தில் இல்லை
```

இதை எக்செல்லில் திறக்கும் கோப்பாக மாற்ற இவ்வளவு போதும்.

```python
import csv, unicodedata

rows, date, page = [], "", ""
for line in open("minutes.txt", encoding="utf-8-sig"):
    line = unicodedata.normalize("NFC", line.strip())
    if ":" not in line:
        continue
    tag, text = [p.strip() for p in line.split(":", 1)]
    if tag == "திகதி":
        date, page = text, ""
    elif tag == "பக்கம்":
        page = text
    else:
        rows.append([date, page, tag] +
                    [p.strip() for p in text.split("|")])

with open("minutes.csv", "w", encoding="utf-8-sig", newline="") as f:
    csv.writer(f).writerows(rows)
```

இதில் இரண்டு இடங்கள் பட்டுத் தெரிந்துகொண்டவை. நான் கணினியிலும் தங்கச்சி போனிலும் தட்டச்சு செய்தோம். ‘பொறுப்பு’ என்பதில் உள்ள ‘பொ’, ஒரு விசைப்பலகையில் ஒரே குறியாகவும் இன்னொன்றில் ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் பதிவாகிறது. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. வடிகட்டும்போது பாதிப் பொறுப்புகள் வராததால்தான் இதைக் கண்டுபிடித்தேன். `NFC` வரி அதை ஒன்றாக்கிவிடும். இரண்டாவது, `utf-8-sig` என்று எழுதாவிட்டால் எக்செல்லில் நேரடியாகத் திறக்கும்போது தமிழ் சிதைந்து தெரியலாம். சொற்களைப் பிரிக்க `\w+` பயன்படுத்தவும் பார்த்தேன். பைத்தனின் `re` அதில் புள்ளியையும் கொம்பையும் எழுத்தாக எடுத்துக்கொள்வதில்லை, ‘முடிவு’ என்ற சொல் துண்டு துண்டாகிறது. அதனால்தான் முக்காற்புள்ளியையும் நேர்க்கோட்டையும் வைத்துப் பிரிக்கிறேன்.

பெயரைக் கணினியே வாக்கியத்திலிருந்து எடுக்கட்டும் என்ற ஆசையையும் கைவிட்டேன். ‘செல்வம்’ என்று தேடினால் ‘செல்வத்திடம் ஒப்படைக்கப்பட்டது’ அகப்படாது. வேற்றுமை உருபு சேரும்போது பெயரின் கடைசி எழுத்தே மாறிவிடுகிறது. 41 கூட்டத்துக்குக் கையால் எண் போடுவதே விரைவு. நானூறு கூட்டம் என்றால் யோசிக்கலாம்.

ஒவ்வொரு வரியிலும் படத்தின் பெயர் இருப்பதால், யாராவது “நான் அப்படிச் சொல்லவில்லையே” என்றால் பக்கத்தையே திறந்து காட்டலாம். ஜூலைக் கூட்டத்தில் பட்டியலை வாசித்தபோது அப்படி இரண்டு முறை காட்டினேன். ஒன்றில் கொப்பி சரி. இன்னொன்றில் நான் வாசித்தது தவறு, 17ஐ 11 என்று எடுத்திருந்தேன். அங்கேயே திருத்தினேன்.

மொத்தம் 96 முடிவுகளில் 38க்குப் பொறுப்பாளர் எழுதப்படவில்லை. அவற்றில் இன்னும் செய்யாமல் கிடந்தவை பதினொன்று. சபையில் ஒவ்வொன்றாக வாசித்து, வந்திருந்தவர்களிலிருந்தே ஆள் போட்டோம். இப்போது நான் எழுதும் அறிக்கையில் ஒவ்வொரு விடயத்துக்கும் கீழே ஓரம் தள்ளி ‘முடிவு’, ‘செய்பவர்’, ‘எப்போது’ என்று மூன்று வரி விட்டிருக்கிறேன். கூட்டம் கலைவதற்கு முன் அந்த வரிகளை உரக்க வாசிக்கிறேன். பெயர் சொல்லப்பட்டவர் அங்கேயே தலையாட்ட வேண்டும். வராதவர் பெயர் வந்தால், யார் போய்ச் சொல்வது என்று அவர் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதுகிறேன்.

மா. வீட்டு அண்டாவில் ஒன்று ஆகஸ்டில் வந்துவிட்டது. மற்றது ஓட்டை விழுந்து வீட்டிலேயே கிடக்கிறதாம். அதற்கு ஈயம் வைக்கக் கொண்டுபோகும் பொறுப்பு இப்போது என் பெயரில் இருக்கிறது.